ஏஜென்ட் கம்பெனி பெயரையே சொல்ல மாட்டேன் என்கிறார், எழுத்தில் எப்படிக் கேட்பது?

பரமக்குடி அக்கா | 9 ஜூன், இரவு 9.40

என் தம்பிக்கு துபாயில் எலக்ட்ரீசியன் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வந்ததை அப்படியே போடுகிறேன்.

"துபாய் அவசரம். எலக்ட்ரீசியன் 20 பேர். சம்பளம் 1500 திர்ஹாம் + ஓடி. ரூம், வண்டி ஃப்ரீ. சாப்பாடு சொந்தம். 2 வருஷம். சர்வீஸ் சார்ஜ் 85,000. அட்வான்ஸ் 15,000, ஒரிஜினல் பாஸ்போர்ட் கொண்டு வரவும். சீட் கொஞ்சம்தான்."

எந்த கம்பெனி என்று தம்பி கேட்டான். "செலக்ட் ஆனதும் சொல்கிறோம், இப்போதே சொன்னால் எல்லாரும் நேராகப் போய்விடுவீர்கள்" என்று பதில். எழுதிக் கேட்கலாம் என்று நான் சொன்னால், அதிகம் கேட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார் என்று அவனுக்குப் பயம். நான் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர், முகவரி, முதலாளி பெயர், சம்பளம், ஓடி என்கிற ஓவர்டைம் எவ்வளவு, லீவு, டிக்கெட், இன்சூரன்ஸ், சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும், ரூமில் எத்தனை பேர், வை-ஃபை உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். இதை அனுப்பலாமா?

லைசென்ஸ் பாருங்க | 9 ஜூன், இரவு 10.05

இத்தனை கேள்வி எதற்கு? லைசென்ஸ் நம்பர் ஒன்றை மட்டும் கேளுங்கள். emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர் அதில் இருந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். என் மச்சான் அப்படிப் பார்த்துத்தான் போனார், இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

பழைய பிஆர்ஓ | 9 ஜூன், இரவு 11.20

ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் விசா, லேபர் கார்டு வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். அக்காவின் கேள்வியை விட அந்த ஏஜென்ட்டின் பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் நேராகப் போய்விடுவீர்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் சாக்கு. துபாயில் ஒரு கம்பெனியின் பெயர் தெரிந்தவுடன் பரமக்குடியில் இருக்கும் பையன் தானே கோட்டா போட்டு விசா எடுத்துவிட முடியாது. ஆள் எடுக்கும் அதிகாரம் கம்பெனி கையில் இருக்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்கிற ஏஜென்ட்டிடம் இத்தனை ஆள் வேண்டும் என்று கம்பெனி கொடுத்த டிமாண்ட் லெட்டரும் பவர் ஆஃப் அட்டர்னியும் இருக்கும், அவற்றில் கம்பெனி பெயர் இருந்தே தீரும். அதைக் காட்ட அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

லைசென்ஸ் நம்பர் பற்றி மேலே ஒருவர் சொன்னது பாதி சரி. நம்பர் பட்டியலில் இருப்பது ஒன்று, உங்களிடம் பேசுகிற ஆள் அந்த நம்பருக்கு உரியவர் என்பது வேறு. நம் ஊர்ப்பக்கம் பேசுகிறவர் பெரும்பாலும் சப் ஏஜென்ட், சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் யாருடைய நம்பரையோ போட்டுக்கொள்வார். சட்டப்படி சப் ஏஜென்ட் வைத்து ஆள் எடுக்கவே கூடாது. ஆகவே தளத்தில் அந்த நிறுவனத்துக்குப் பதிவாகியிருக்கும் தொலைபேசி எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு, அங்கே நேரடியாகப் பேசுங்கள். "இந்த எலக்ட்ரீசியன் டிமாண்ட் உங்களுடையதுதானா, இன்னார் உங்கள் ஆள்தானா" என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்கிற எண்ணுக்குப் போட்டால் அவருடைய நண்பரே எடுத்து ஆமாம் என்பார்.

பழைய பிஆர்ஓ | 9 ஜூன், இரவு 11.48

இன்னொன்று. அக்கா எழுதி வைத்திருக்கும் பதில் நீளம். பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டால் சுலபமானவற்றுக்குப் பதில் வரும்: ரூம் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, வை-ஃபை உண்டு, ஒன்றும் கவலைப்படாதீர்கள் என்று. கம்பெனி பெயர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். முதல் பதிலில் நாலே கேள்வி போதும். தம்பியின் சொந்த எண்ணிலிருந்து, மரியாதையாக, இந்த மாதிரி:

"வணக்கம் சார். இந்த வேலைக்கு வர எனக்கு விருப்பம். பாஸ்போர்ட் நகல், ஐடிஐ சான்றிதழ், அனுபவச் சான்றிதழ் அனுப்பத் தயார். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் அனுப்புங்கள். 1. விசா யார் பெயரில் வருகிறதோ அந்தக் கம்பெனியின் முழுப் பெயர், எந்த எமிரேட், டிரேடு லைசென்ஸ் எண். 2. விசாவில் போடப்போகும் தொழில் பெயர். 3. 1500 திர்ஹாமில் பேசிக் எவ்வளவு, மற்ற படிகள் எவ்வளவு. 4. உங்கள் ரெக்ரூட்டிங் லைசென்ஸ் எண், நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை, அதற்கு ரசீது யார் பெயரில். இவை வந்ததும் வீட்டில் பேசி உடனே பதில் தருகிறேன்."

"விசா யார் பெயரில் வருகிறதோ" என்ற வரியை மட்டும் மாற்ற வேண்டாம். வெறுமனே கம்பெனி பெயர் என்று கேட்டால், வேலை நடக்கும் பெரிய கட்டட கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். போய்ப் பார்த்தால் நீங்கள் ஒரு சப்ளை கம்பெனியின் ஆள், பெரிய கம்பெனிக்கு வாடகைக்கு அனுப்பப்படுகிறவர். சப்ளை கம்பெனி என்பதே தப்பில்லை, நல்லவையும் இருக்கின்றன. ஆனால் சம்பளம் தரப்போவது யார் என்பது முன்பே தெரிய வேண்டும்.

ஷார்ஜா வாசி | 10 ஜூன், காலை 6.15

85 ஆயிரமா? அமீரகச் சட்டப்படி தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஆள் எடுக்கும் செலவு முழுக்க முதலாளியுடையது. பணம் கேட்கிற எல்லாருமே திருடர்கள், போலீசில் புகார் கொடுங்கள்.

பழைய பிஆர்ஓ | 10 ஜூன், காலை 8.30

ஷார்ஜா வாசி சொல்வது அந்தப் பக்கத்துச் சட்டம், அது சரியாகவே இருக்கிறது. 2021-இல் வந்த, 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இந்தப் பக்கம் பதிவு பெற்ற ஏஜென்ட் தன் சேவைக்குக் கட்டணம் வாங்க இந்திய விதி அனுமதிக்கிறது. அதற்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். அதனால் பணம் கேட்டார் என்பதற்காக மட்டும் திருடர் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் இவர் கேட்பது 85,000. 35,400-க்கு மேல் இருக்கும் மிச்சம் எதற்கு என்று கேட்டால் விசா செலவு, டிக்கெட், மெடிக்கல் என்பார்கள். விசா செலவு முதலாளியுடையது. எனவே நாலாவது கேள்விக்குப் பதில் வரும்போது தொகையைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரித்து எழுதுவதற்கு அவர் தயங்கினால் அதுவே ஒரு விவரம்.

குவைத் டிரைவர் | 10 ஜூன், பகல் 1.10

கம்பெனி மாறுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் கதையைக் கேளுங்கள். எனக்கு "கம்பெனி டிரைவர்" என்று சொல்லி அனுப்பினார்கள். இறங்கினால் ஒரு வீட்டில் டிரைவர். விசா 20-ஆம் நம்பர், அதாவது வீட்டு வேலைக்கான விசா. கம்பெனிக்கு 18-ஆம் நம்பர் வேண்டும். 20-இலிருந்து 18-க்கு மாறுவது அவ்வளவு எளிதில்லை, முதலாளி சம்மதித்தாலும் அரசு எப்போதும் அந்தக் கதவைத் திறந்து வைப்பதில்லை. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் குழந்தைகளைப் பள்ளியில் விடுவது, மார்க்கெட் போவது, ராத்திரி விருந்துக்கு ஓட்டுவது என்று வேலைக்கு நேரமே கிடையாது. விசா காகிதம் கிளம்புவதற்கு முன்பே என் கையில் இருந்தது. அரபியில் இருந்ததால் படிக்கத் தெரியவில்லை. தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஊரில் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பார்.

பரமக்குடி அக்கா | 10 ஜூன், பகல் 2.00

அண்ணே, நான் கேட்டது கம்பெனி மாறுவதைப் பற்றி இல்லை, கிளம்புவதற்கு முன் ஏஜென்ட்டுக்கு என்ன எழுதுவது என்றுதான். ஆனால் நீங்கள் சொன்னதும் எங்களுக்கு வேண்டியதே. தொழில் பெயர் பற்றி இரண்டாவது கேள்வி ஏன் என்று இப்போது புரிகிறது. பிஆர்ஓ அண்ணன் எழுதிக் கொடுத்ததைத் தம்பி அனுப்பிவிட்டான்.

பரமக்குடி அக்கா | 11 ஜூன், இரவு 8.55

பதில் வந்தது. எழுத்தில் இல்லை. ஏஜென்ட் போன் போட்டு ஏழெட்டு நிமிடம் பேசினார். "தம்பி, நல்ல கம்பெனி, நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்காங்க, பேசிக் 1500, எழுத்தில் எல்லாம் ஆபீஸுக்கு வந்தா தருவோம், நாளைக்கே அட்வான்ஸும் பாஸ்போர்ட்டும் கொண்டு வா" என்று. அவன் போனை வைத்தவுடன் கிளம்பத் தயாராகிவிட்டான்.

பழைய பிஆர்ஓ | 11 ஜூன், இரவு 9.30

போனில் பேசியதை எழுத்தாக்க ஒரு வழி இருக்கிறது. தம்பி இப்போதே, பேச்சு சூடு ஆறுவதற்குள், அதே வாட்ஸ்அப்பில் இப்படிப் போடட்டும்:

"சார், இன்று மாலை போனில் நீங்கள் சொன்னது: பேசிக் சம்பளம் 1500 திர்ஹாம், ஓடி தனி, ரூமும் வண்டியும் கம்பெனி பொறுப்பு, இரண்டு வருட ஒப்பந்தம். இதில் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்திச் சொல்லுங்கள். கம்பெனி பெயரும் விசாவின் தொழில் பெயரும் வந்ததும் ஆபீஸுக்கு வருகிறேன்."

ஆமாம் என்று எழுதினால் அது அவர் சொன்னதாகிவிட்டது. ஒன்றும் எழுதாமல் விட்டாலும், பின்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவர் சுலபமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் மூன்றாவது ஒன்று நடக்கும், "பேசிக் இல்லை, மொத்தம் 1500" என்று திருத்துவார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பாஸ்போர்ட் பற்றி: அமீரக விசாவுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட் தேவையே இல்லை. ஸ்கேன் செய்த நகலும் புகைப்படமும் வைத்து அங்கே கம்பெனி என்ட்ரி பெர்மிட் எடுக்கிறது, அது மின்னணுவாக வருகிறது. குவைத் என்றால் பாஸ்போர்ட் ஸ்டாம்பிங்குக்குப் போகும், அங்கே ஒரிஜினல் கேட்பதற்குக் காரணம் உண்டு. துபாய்க்கு ஒரிஜினல் கேட்பவர் பெரும்பாலும் நீங்கள் வேறு இடம் போகாமல் பிடித்து வைக்கத்தான் கேட்கிறார். நகலில் "துபாய் எலக்ட்ரீசியன் விசாவுக்காக மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், எழுத்து முகத்தின் மீதும் எண்ணின் மீதும் விழாமல்.

லைசென்ஸ் பாருங்க | 12 ஜூன், காலை 7.50

இப்படி ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கேட்டால் ஏஜென்ட் "இந்தப் பையன் வம்பு" என்று ஒதுக்கிவிடுவார். நம் ஊரில் வேலைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா? 1500 கிடைக்கிறதே என்று ஓடுகிற ஆள் பத்துப் பேர் நிற்பார்கள்.

பழைய பிஆர்ஓ | 12 ஜூன், காலை 9.10

உண்மைதான், ஒதுக்குவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாலு கேள்வி கேட்டதற்காக ஒதுக்குகிற ஏஜென்ட், அங்கே போய்ச் சம்பளம் வராத மாதத்தில் போனை எடுப்பாரா? இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒரே முடிவுக்கு வரமாட்டார்கள், கடனில் இருக்கிறவருக்கு வேறு முடிவு இருக்கும், அவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

பரமக்குடி அக்கா | 13 ஜூன், மாலை 5.20

பதில் வந்துவிட்டது, இந்த முறை எழுத்தில். கம்பெனி பெயரும் வந்தது (இங்கே போடவில்லை, இன்னும் எதுவும் உறுதியாகவில்லை). "டெக்னிக்கல் சர்வீசஸ் எல்எல்சி" என்று முடிகிறது, எமிரேட் ஷார்ஜா, துபாய் இல்லை. கூடவே கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு பிடிஎஃப். அதில் உள்ளது: தொழில் எலக்ட்ரீசியன் ஹெல்பர். பேசிக் 800. மற்ற படிகள் 700. மொத்தம் 1500. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தேவைப்பட்டால் ஓடி. இரண்டு வருடம். டிக்கெட் பற்றி ஒன்றும் இல்லை. கீழே ஒரு சீல், ஒரு கையெழுத்து. தம்பிக்கு மொத்தம் 1500 வருகிறதே, எப்படிப் பிரித்தால் என்ன என்று தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

பழைய பிஆர்ஓ | 13 ஜூன், இரவு 10.15

உங்கள் உள்ளுணர்வு சரி. பிரிப்பது சட்டவிரோதம் இல்லை, அதனால்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. ஓடியும் கடைசியில் வரும் கிராஜுட்டியும் பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

ஒரு பேப்பர் எடுத்துக்கொண்டு தம்பியை உட்கார வைத்துப் போடுங்கள். பேசிக் 800 என்றால், 30 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு 3.33 திர்ஹாம். ஓடிக்கு அதன்மேல் 25 சதவீதம், 4.17. ஒரு நாளைக்கு இரண்டு மணி ஓடி, மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம், ஏறத்தாழ 217 திர்ஹாம். பேசிக் 1500 என்றால் மணிக்கு 6.25, ஓடிக்கு 7.81, அதே 52 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 406. மாதம் 190 திர்ஹாம் வித்தியாசம், உடம்பு அதே உடம்பு. கிராஜுட்டி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக். இரண்டு வருடம் முடித்தால் 42 நாள். 800-க்கு அது 1120 திர்ஹாம், 1500-க்கு 2100.

ஏஜென்ட் போனில் "பேசிக் 1500" என்றார். காகிதம் 800 என்கிறது. தம்பி அனுப்பிய செய்திக்கு அவர் மறுப்புச் சொன்னாரா?

பரமக்குடி அக்கா | 13 ஜூன், இரவு 10.40

இல்லை. கை கூப்பும் படம் ஒன்று போட்டிருந்தார், அவ்வளவுதான்.

ஷார்ஜா வாசி | 14 ஜூன், காலை 6.40

நான் இருக்கும் கேம்ப்பிலும் பாதிப் பேருக்கு 800 பேசிக்தான். பழகிவிட்டது. அங்கே அதிகம் பேசிக் போட்டு யாரும் கூப்பிடுவதில்லை, ஹெல்பருக்கு அதுவே மார்க்கெட். 1500-ஐயே பேசிக்காகக் கேட்டால் வாய்ப்பில்லை என்பது என் கருத்து, 1000-க்கு இழுக்கலாம். ஹெல்பர் என்று போட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஐடிஐ முடித்தவன், சொந்தமாக வயரிங் எடுத்துச் செய்தவன், ஹெல்பராகப் போனால் அடுத்த கம்பெனிக்கு மாறும்போதும் ஹெல்பர் என்றே பார்ப்பார்கள்.

பழைய பிஆர்ஓ | 14 ஜூன், காலை 11.05

ஷார்ஜா வாசி சொல்வது களத்தில் இருப்பவரின் பேச்சு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிக்கில் பேரம் எவ்வளவு தூரம் போகும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அந்த பிடிஎஃப் எந்தக் காகிதம் என்று முதலில் பாருங்கள். லெட்டர்ஹெட்டில் வருவது கம்பெனியின் வாக்கு மட்டும். அமீரகத்தில் வேலை அனுமதிக்குக் கணக்காக இருப்பது மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர். 2016 ஜனவரி முதல் அதுதான் நடைமுறை: கம்பெனி அமைச்சகத்தின் சிஸ்டத்தில் ஆஃபர் போடும், தொழிலாளி படித்துக் கையெழுத்திடுவார், அதற்குப் பிறகுதான் பெர்மிட். பின்னால் போடும் ஒப்பந்தமும் அந்த ஆஃபரில் இருந்ததோடு ஒத்துப்போக வேண்டும். அந்த ஆஃபர் தமிழிலும் கிடைக்கும். அரபி, ஆங்கிலம் போக இந்தி, மலையாளம், தமிழ், சிங்களம், உருது என்று மொத்தம் பதினொரு மொழிகளில் படிவம் இருக்கிறது. ஊரில் இருப்பவருக்குப் பிரிண்ட் அனுப்பிக் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து திருப்பி வாங்குவார்கள். நானே நிறைய அனுப்பியிருக்கிறேன், திரும்பி வந்தவற்றில் பல படிக்கப்படாமலே கையெழுத்தானவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

உண்மையான ஆஃபரில் பரிவர்த்தனை எண் இருக்கும். mohre.gov.ae தளத்தின் விசாரணைச் சேவையில் அந்த எண்ணையும் கம்பெனி எண்ணையும் போட்டால் பொருந்துகிறதா என்று தெரியும். லெட்டர்ஹெட் பிடிஎஃப்பில் அப்படி எந்த எண்ணும் இருக்காது. எனவே அடுத்த பதில் இதுதான்:

"சார், கம்பெனி லெட்டர் கிடைத்தது, நன்றி. போனில் சொன்ன பேசிக் 1500-க்கும் லெட்டரில் உள்ள 800-க்கும் வித்தியாசம் இருக்கிறது, விளக்கம் தேவை. தொழில் எலக்ட்ரீசியன் என்று போட முடியுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். இரண்டு வருடம் முடிந்து வரும் டிக்கெட் கம்பெனி பொறுப்பா என்று எழுதுங்கள். அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர், தமிழ்ப் படிவத்தோடு, பரிவர்த்தனை எண் தெரியும்படி வந்தால் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். அதன்பிறகு கட்டணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன்."

டிக்கெட் வரியை விட்டுவிடாதீர்கள். லீவில் ஊருக்கு வர கம்பெனி டிக்கெட் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. வருடத்துக்கு 30 நாள் லீவு உண்டு, டிக்கெட் ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே வரும். வேலை முடிந்து ஊர் திரும்பும் செலவு வேறு, அதைப் பொதுவாக முதலாளி ஏற்க வேண்டும்.

லைசென்ஸ் பாருங்க | 14 ஜூன், மாலை 4.30

இதெல்லாம் அரசாங்கமே பார்க்காதா? சென்னையில் ப்ரொடெக்டர் ஆஃபீஸ் இருக்கிறதே, அவர்கள் காகிதம் எல்லாம் சரிபார்த்துத்தானே அனுப்புகிறார்கள்.

பழைய பிஆர்ஓ | 14 ஜூன், இரவு 9.00

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருந்தால் பார்ப்பார்கள். பத்தாவது முடிக்காதவர்களுக்கு அது இருக்கும், வளைகுடா மாதிரி சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்கியே ஆக வேண்டும், ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். இந்தத் தம்பி பத்தாவது முடித்து ஐடிஐ போனவர், அவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. நல்லதுதான், ஒரு வரிசை மிச்சம். ஆனால் யாரும் அந்த ஒப்பந்தத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அவருடைய காகிதத்தைப் பார்க்கிற ஒரே ஆள் அவரும் அவருடைய அக்காவும்தான்.

ஏஜென்ட்டின் மேல் சந்தேகம் என்றால் கேட்க எண்கள் உண்டு. மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. அங்கே போனபிறகு பிரச்சினை என்றால் அமீரகத்தில் இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் 800 46342, தம்பியின் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

குவைத் டிரைவர் | 15 ஜூன், காலை 5.45

ஒன்று கேட்க வேண்டும். முதலில் விசிட்டில் போ, அங்கே கம்பெனி மாற்றிக்கொள்ளும் என்று சொன்னால்? என் ஊர்ப் பையன் அப்படித்தான் துபாய் போனான், இப்போது நன்றாக இருக்கிறான்.

ஷார்ஜா வாசி | 15 ஜூன், காலை 6.20

விசிட்டில் வந்து வேலை செய்தால் பிடித்தால் அபராதம், அனுப்பிவிடுவார்கள். என் அறையில் இருந்தவன் அப்படிப் போனான்.

பழைய பிஆர்ஓ | 15 ஜூன், காலை 10.00

இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறது. உள்ளே வந்தபிறகு வேலை விசாவுக்கு மாற்றுவது அங்கே இருக்கிற வழிதான், ஆனால் மாறும்வரை வேலை செய்வது குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாரங்களில் சாப்பாடும் வாடகையும் யாருடையது, மாற்றாமல் விட்டால் திரும்பும் டிக்கெட் யாருடையது என்பதெல்லாம் காகிதத்தில் ஒன்றுமே இருக்காது. ஆஃபர் லெட்டர் கையில் இல்லாமல் விசிட்டில் ஏறாதே என்று என் தங்கை பையனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்பான் என்று உறுதி சொல்ல முடியாது.

பரமக்குடி அக்கா | 18 ஜூன், இரவு 9.15

நாலு நாள் ஆனதால் எழுதுகிறேன். பதிவு நிறுவனத்தின் எண்ணை eMigrate தளத்திலிருந்து எடுத்து நான் பேசினேன். அந்த நிறுவனம் இருக்கிறது, எங்களிடம் பேசுகிறவர் தங்கள் ஆள் இல்லை என்றார்கள். ஷார்ஜா டிமாண்ட் தங்களுடையதுதான், ஆனால் கட்டணம் 35,400, நேராகச் சென்னைக்கு வரச்சொல்லி, லைசென்ஸ் எண், டிமாண்ட் எண்ணோடு மெயில் அனுப்பினார்கள். நடுவில் இருப்பவர் வைத்த வித்தியாசம் ஏறக்குறைய 50 ஆயிரம்.

எங்கள் ஊர் ஏஜென்ட்டுக்கு இதைச் சொன்னவுடன் "நேராகப் போனால் உங்கள் பெயர் வரிசையில் பின்னால் போய்விடும்" என்றார். தம்பி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சென்னைக்கு எழுதியிருக்கிறான். பேசிக் 1000 ஆக்க முடியுமா, தொழில் எலக்ட்ரீசியன் ஆக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். தொழில் பற்றி கம்பெனி டிரேடு டெஸ்ட் வைத்துப் பார்க்கும் என்று பதில், பேசிக் பற்றி இன்னும் பதில் இல்லை.

லைசென்ஸ் பாருங்க | 18 ஜூன், இரவு 9.50

அப்போ லைசென்ஸ்தான் உதவியது, நான் சொன்னது சரிதானே.

பழைய பிஆர்ஓ | 18 ஜூன், இரவு 10.30

லைசென்ஸ் நம்பரைப் பார்த்தது பாதி, அந்த எண்ணை வைத்துப் பேசியதுதான் மீதி. ஊர் ஏஜென்ட்டும் அதே நம்பரைத்தான் காட்டியிருப்பார்.

அக்கா, டிரேடு டெஸ்ட் என்றால் டிபி வயரிங், கன்ட்யூட் வளைப்பது, இன்சுலேஷன் சோதிக்கும் மெகர் பிடிப்பது கேட்பார்கள், தம்பி தயாராகட்டும். பாஸ் ஆனபிறகும் ஹெல்பர் என்றே ஆஃபர் வந்தால், கையெழுத்திடுவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. ஆஃபர் வந்ததும் தமிழ்ப் பக்கத்தை அவனே சத்தமாகப் படிக்கட்டும். கம்பெனி பெயர் லெட்டரில் இருந்த அதே பெயரா, தொழில், பேசிக், மொத்தம், டிக்கெட் என்று ஒவ்வொன்றாக லெட்டரோடு ஒத்துப் பார்த்து, பரிவர்த்தனை எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்து, பிறகு கையெழுத்து. நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஒன்று அவன் போனில். ஒரிஜினல் பாஸ்போர்ட் விமான நிலையம் வரை அவன் பையில்தான்.

பரமக்குடி அக்கா | 18 ஜூன், இரவு 10.55

சரி அண்ணே. மெகர் அவனிடம் இல்லை, பக்கத்துக் கடையில் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். ஆஃபர் வந்தால் எண்களை மறைத்துவிட்டு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.